மயிலாடுதுறையில் மிஞ்சும் நாலாம் நம்பர்

பள்ளிக்கூட ஷூ வியாபாரம் ஆண்டு முழுக்க நடப்பதில்லை. மே கடைசியில் சூடு பிடிக்கும். பள்ளி திறந்து பத்து நாளில் அடங்கிவிடும். அந்தக் குறுகிய நாட்களுக்குள் ஒரு நம்பர் தீர்ந்துபோனால், "அடுத்த வாரம் வாங்க, வந்துரும்" என்று சொல்லிப் பயனில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் பிள்ளையின் காலுக்கு ஷூ வேண்டும். இந்தக் கடையில் இல்லாவிட்டால் அம்மா எதிர்க்கடைக்குப் போவார். பிள்ளையின் சாக்ஸும் பெல்ட்டும் அவளோடு சேர்ந்தே எதிர்க்கடைக்குப் போய்விடும்.

சட்டென்று தோன்றும் வழி, மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுப்பதுதான். ஆனால் ஒரே முதலாளிக்கு இரண்டு மூன்று ஊர்களில் கடை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒரு கிளையில் தீர்ந்த சரக்கு இன்னொரு கிளையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை இங்கே கொண்டுவந்தால் போதும். கேட்பதற்கு இது யாரும் செய்யக்கூடிய வேலையாகத் தெரியும். எப்போது அப்படி மாற்றலாம், எத்தனை மாற்றலாம், எப்போது மாற்றவே கூடாது என்று உட்கார்ந்து பார்க்கும்போதுதான் இதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது புரியும். செருப்புக் கடையை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் செருப்புக் கடையில் "சரக்கு இருக்கு" என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. நூறு ஜோடி இருந்தாலும், கேட்கிற நம்பர் இல்லையென்றால் அந்த வாடிக்கையாளருக்குக் கடை காலிதான்.

நான்கு கிளைகள் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்கால். கருப்பு நிறப் பள்ளி ஷூ, ஒரே மாடல், 1 முதல் 5 வரை நம்பர். வாங்கும் விலை 320 ரூபாய், விற்கும் விலை 500 என்று வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு 180 ரூபாய் நிற்கும். பள்ளி திறக்கும் நேரம்; இன்னும் எட்டு நாள் விற்பனை இருக்கிறது. கும்பகோணத்தில் நாலாம் நம்பர் தீர்ந்துவிட்டது. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்த நம்பர்தான். தினமும் ஒரு ஜோடியாவது கேட்டு வருகிறார்கள்.

முதலில் புது ஆர்டரைப் பார்ப்போம். மொத்த வியாபாரி நாலாம் நம்பரை மட்டும் ஏழு ஜோடி தரமாட்டார். ஷூ செட்டாகத்தான் வரும். ஒரு செட்டுக்கு 24 ஜோடி என்றால் அதில் நாலாம் நம்பர் ஐந்துதான் இருக்கும். மீதி 19 ஜோடி மற்ற நம்பர்கள். கும்பகோணத்தில் 1, 2, 3 எல்லாம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு அலமாரியில் இருக்கின்றன. ஆக, ஐந்து ஜோடிக்காக 7,680 ரூபாய்ச் சரக்கு எடுக்க வேண்டும். அதுவும் பில் போட்டு, லாரி ஆபீசில் ஏறி, கடைக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றால் சீசனில் ஒன்றிரண்டு நாள்தான் மிச்சமிருக்கும். வந்த ஐந்தில் இரண்டு விற்கலாம். மற்றவை அடுத்த ஜூன் வரை குடோனில் தூங்கும். வெயிலிலும் ஈரத்திலும் ஓராண்டு கிடந்த ஷூவின் பசை விட்டுப்போவதும் சோல் வெடிப்பதும் இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இனி மற்றக் கிளைகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாலாம் நம்பர் தஞ்சாவூரில் 9 ஜோடி, மயிலாடுதுறையில் 13, காரைக்காலில் 5.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தஞ்சாவூர் பெரிய கடை, ஒன்பது ஜோடி இருக்கிறதே, நாலை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே அந்த நம்பர் நாளுக்கு ஒன்று விற்கிறது. எட்டு நாளுக்கு எட்டு ஜோடி வேண்டும். இருக்கும் ஒன்பதும் அந்தக் கடைக்கே சரியாகப் போகும். நாலை எடுத்தால் ஐந்தாம் நாள் தஞ்சாவூரில் தீர்ந்துவிடும். கும்பகோணத்தின் பற்றாக்குறையைத் தஞ்சாவூருக்கு மாற்றியதோடு, வண்டிச் சத்தமும் கொடுத்ததுதான் மிச்சம். எத்தனை ஜோடி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

மயிலாடுதுறையில் இரண்டு நாளைக்கு ஒரு ஜோடிதான் போகிறது. எட்டு நாளுக்கு நாலு ஜோடி தேவைப்படும். ஆனால் விற்பனை கணக்குப்படி வரிசையாக நடப்பதில்லை. ஒரே வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தாலே கணக்கு மாறிவிடும். அதனால் நாலோடு இரண்டைக் கூட்டி ஆறு ஜோடியை அங்கேயே விட்டுவிடலாம். சராசரி நாலு விற்கும் இடத்தில் ஏழாவது ஜோடியும் தேவைப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று. எனவே அந்த ஏழாவது ஜோடியும் அதற்கு மேல் உள்ளவையும் மயிலாடுதுறையில் பெரும்பாலும் வேலையில்லாமல் கிடக்கும். பதின்மூன்றில் ஆறு போக ஏழு ஜோடி. இவற்றைத்தான் உண்மையில் உபரி என்று சொல்லலாம்.

கும்பகோணத்துக்கு அந்த ஏழும் வேண்டுமா? சரக்கு நாளை காலை வந்தால் ஏழு நாள் விற்பனை மீதி இருக்கும். சராசரியாக ஏழு ஜோடி போகும். அங்கே ஏழாவது ஜோடியும் விற்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். மயிலாடுதுறையில் ஒன்பதில் ஒன்றாக இருந்த வாய்ப்பு கும்பகோணத்தில் இரண்டில் ஒன்றுக்கு மேலே ஏறுகிறது. சரக்கை ஊர் மாற்றுவதால் கிடைக்கும் ஆதாயம் இந்த வித்தியாசம்தான். பேனா பிடித்து இன்னும் நுணுக்கமாகப் போட்டால் எட்டாவதாக ஒரு ஜோடியையும் அனுப்பலாம் என்றுகூட வரும். நான் அனுப்பமாட்டேன். இரண்டு நாளைக்கு ஒன்று என்பதே நம் ஊகம்தான். அது கொஞ்சம் பிசகினாலும், கொடுத்து உதவிய கடையே "இல்லை" என்று சொல்ல நேரும்.

பணக் கணக்கு எளிது. கட்டிப் பார்சலில் போட, இந்தப் பக்கம் ஆட்டோ, அந்தப் பக்கம் எடுத்துவர என்று எல்லாம் சேர்த்து 150 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், ஏழு ஜோடியில் ஆறு விற்றாலும் 1,080 ரூபாய் நிற்கும். 150 போக 930. புதிதாக ஒரு ரூபாய்கூட முடக்கவில்லை. இதே 150 ரூபாயை ஒரே ஒரு ஜோடிக்குச் செலவழித்தால் 180-இல் 30தான் கையில் நிற்கும். அந்த ஜோடியும் விற்காமல் போனால் முழு நஷ்டம். அதனால் ஒற்றை ஜோடிக்கு வண்டி வைப்பதைத் தவிர்த்து, இரண்டு மூன்று நம்பர்களைச் சேர்த்து ஒரே கட்டாக அனுப்புவார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஷூ, சாக்ஸ் என்று பெரிய பில்லோடு காத்திருக்கும் வாடிக்கையாளர் விதிவிலக்கு. அவருக்காக ஒரு ஜோடி வருவது நியாயம்தான்.

காரைக்காலை ஏன் விட்டுவிட்டோம்? அங்கே ஐந்து ஜோடி இருக்கின்றன. நாலு நாளைக்கு ஒன்றுதான் விற்கிறது என்றால் ஒன்றிரண்டு எடுக்கலாமே. காரைக்கால் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஜிஎஸ்டி கணக்கில் அந்தக் கிளைக்குத் தனிப் பதிவு எண் உண்டு. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்குச் சரக்கு போனால் இரண்டும் ஒரே தமிழ்நாட்டுப் பதிவுக்குள் இருப்பதால் அது விற்பனை ஆகாது. வரி கிடையாது, டெலிவரி சலான் எழுதி அனுப்பினால் போதும். காரைக்காலிலிருந்து வந்தால் முதலாளி ஒருவரே என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது இரண்டு தனி நபர்களுக்கு இடையே நடக்கும் வழங்கல். வரி போட்டு பில் எழுத வேண்டும். அந்த வரியைக் கும்பகோணம் கிளை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இரண்டு ஜோடிக்காக இரண்டு பதிவுகளின் மாதாந்திரக் கணக்கிலும் ஒரு வரி ஏறும். நிறையச் சரக்கு போகிறது என்றால் இ-வே பில்லின் வரம்பும் வேறு: தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய், மாநில எல்லை தாண்டினால் 50,000. கிலோமீட்டர் கணக்கில் பக்கத்துக் கடையாக இருப்பது காகிதக் கணக்கில் தூரத்துக் கடையாகிவிடுகிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டரில் தெரியும் இருப்பு சரி என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. சீசன் நேரத்தில் அந்த நம்பிக்கைதான் முதலில் உடையும்.

"அண்ணே, நாலாம் நம்பர் உங்ககிட்ட பதிமூணு காட்டுதே, ஏழு அனுப்ப முடியுமா?"

"இரு தம்பி, ரேக்ல பார்த்துட்டுக் கூப்பிடுறேன். மேல எட்டுதான் இருந்த மாதிரி ஞாபகம்."

அந்தப் "பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" இல்லாமல் எந்தச் சரக்கும் நகரக் கூடாது. கூட்ட நேரத்தில் பில் போடுபவர் என்ன செய்கிறார் என்று கவனித்தால் காரணம் புரியும். ஒரே குடும்பம் மூன்று ஜோடி எடுக்கிறது: 3, 4, 4. விலை மூன்றுக்கும் ஒன்றுதான். வரிசை நீளம். அவர் ஒரு பெட்டியை மட்டும் ஸ்கேன் செய்து எண்ணிக்கையில் மூன்று என்று தட்டிவிடுகிறார். பணம் பைசா பிசகாமல் வந்துவிட்டது. ஆனால் இருப்பில் மூன்றாம் நம்பரில் மூன்று குறைந்து, நாலாம் நம்பர் அப்படியே நிற்கிறது. இப்படி ஒரு வாரம் போனால் கம்ப்யூட்டரில் இல்லாத ஷூக்கள் பிறந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. ஒரு மாடலில் ஒரு நம்பர் கழித்தல் குறியோடு நின்று, அடுத்த நம்பர் வழக்கத்துக்கு மீறி அதிகமாகக் காட்டினால், அங்கே பெட்டி மாறி ஸ்கேன் ஆகியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் கணக்கு சரியாக வரும். தனித்தனியே பார்த்தால் தப்பாக இருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் கட்டக் கூடாது. கண்ணாடி ஷோகேஸில் வைத்திருப்பது ஒற்றைக் கால் ஷூ. அதன் மறுகால்தான் பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டி அப்படியே கட்டுக்குள் போனால் கும்பகோணத்தில் வலது காலும் மயிலாடுதுறையில் இடது காலும் இருக்கும். இரண்டு கடையிலும் ஒரு ஜோடி குறையும். இன்னொரு தொல்லை, போட்டுப் பார்க்கும்போது வருவது. ஒரு பிள்ளை நாலையும் ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து முடித்த பிறகு, அவசரத்தில் ஒரு கால் நாலும் மறு கால் ஐந்துமாகப் பெட்டிக்குள் போய்விடுகிறது. கறுப்பு ஷூவில் இது பார்வைக்குத் தெரியாது. இரண்டு ஷூவையும் கவிழ்த்து, அடியில் உள்ள நம்பரைப் படித்து, வலது இடது பார்த்து, அதன் பிறகே பெட்டியை மூட வேண்டும். ஏழு பெட்டிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தை விட்டால், ஊரிலிருந்து சரக்கு வருகிறது என்று சொல்லி மாலை வரச் சொன்ன வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான்.

அனுப்புகிற கடை கம்ப்யூட்டரில் மாற்றல் பதிவு போட்டு, சலானில் மாடல், நம்பர், ஜோடி எழுதி, கட்டோடு ஒரு பிரதி வைக்கும். அப்போதே அந்த ஏழும் மயிலாடுதுறை இருப்பிலிருந்து இறங்கி "வழியில்" என்ற கணக்கில் நிற்கும். கும்பகோணம் பிரித்து எண்ணி, வரவு வைத்தால்தான் அங்கே ஏறும். பல கடைகளில் இந்த இரண்டாவது பாதி நடப்பதில்லை. சரக்கு வந்தவுடன் விற்கத் தொடங்கிவிடுவார்கள். "என்ட்ரி ராத்திரி போட்டுக்கலாம்" என்பார்கள். நாலு நாள் கழித்து வழியில் ஏழு ஜோடி காணோம் என்றும், கும்பகோணத்தில் கழித்தல் ஏழு என்றும் திரையில் நிற்கும். "வழியில்" கணக்கில் ஒரு சரக்கு இரண்டு நாளுக்கு மேல் நின்றால் யாராவது போன் எடுத்துக் கேட்க வேண்டும். ஒன்றரை மணி நேரப் பஸ் தூரத்துக்கு அதற்கு மேல் எந்தக் கட்டும் வழியில் இருக்காது.

இனி மனிதர்கள் விஷயம். மயிலாடுதுறை மேனேஜருக்கு அவர் கடையின் விற்பனையை வைத்துத்தான் ஊக்கத்தொகை. கையிலிருக்கும் ஏழு ஜோடியை அனுப்பினால் அந்த விற்பனை கும்பகோணத்தின் பெயரில் போகும். அடுத்த முறை போன் வரும்போது "ரேக்ல காணோம் தம்பி" என்று சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. இதற்கு அவரைக் குறை சொல்வது அநியாயம். வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு அதன் பலனை இன்னொருவருக்குக் கொடுக்கும் ஏற்பாடுதான் கோளாறு. மாற்றிக் கொடுத்த சரக்கு விற்றால் அதில் பாதியாவது கொடுத்த கடையின் கணக்கிலும் ஏறும் என்று முதலாளி எழுதிவைத்தால் ரேக்கில் காணாமல் போன ஷூக்கள் திரும்பக் கிடைத்துவிடும். எத்தனை கொடுப்பது என்பதைப் போனில் இருவர் பேசி முடிவு செய்யாமல், எல்லாக் கடைக் கணக்கையும் பார்க்கும் ஒருவர் முடிவு செய்வதும் நல்லது. இல்லாவிட்டால் உரக்கக் கேட்கும் கடைக்குச் சரக்கு போகும். அடக்கமாகக் கேட்கும் கடைக்குப் போகாது.

எப்போது மாற்றவே கூடாது என்பதும் இந்தக் கடையிலேயே தெரிகிறது. ஐந்தாம் நம்பரைப் பாருங்கள். கும்பகோணத்தில் இல்லை, தஞ்சாவூரில் 2, மயிலாடுதுறையில் 1, காரைக்காலில் 1. நாலு கடையும் சேர்த்து எட்டு நாளுக்கு இருபது ஜோடியாவது வேண்டும், இருப்பது நாலு. இதை எந்தக் கடைக்கு எப்படித் தள்ளினாலும் குறை தீராது. ஒரு ஜோடி மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வரும்; அங்கிருந்து மறுநாள் தஞ்சாவூர் கேட்கும். பெட்டி பஸ்ஸிலேயே சுற்றும். மொத்தத்தில் குறைவாக இருக்கும்போது ஆர்டர்தான் போட வேண்டும். ஒரு வாரம் காத்திருக்க முடியாதென்றால், கிட்டத்தில் உள்ள வேறு மொத்தக் கடையில் கூடுதல் விலைக்கு வேறு மாடலின் செட் ஒன்றை எடுப்பது நஷ்டமாகாது. அதனால் முதலில் எல்லாக் கடையின் இருப்பையும் கூட்டி, எல்லாக் கடையின் தேவையோடு ஒப்பிட வேண்டும். கூட்டுத்தொகை போதுமென்றால் சரக்கு தப்பான ஊரில் இருக்கிறது, மாற்றலாம். போதாதென்றால் வாங்கத்தான் வேண்டும். இந்த ஒரு கழித்தலைப் போடாமல் அடுத்த கடைக்குப் போன் போடுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு.

சில நேரம் எதிர்த்திசையில் யோசிப்பதும் பலன் தரும். ஒரு கடையில் ஒரு மாடலில் 1-ம் 2-ம் மட்டும் மிஞ்சி, ஓடும் நம்பர்கள் தீர்ந்திருந்தால், தீர்ந்ததைத் தேடிக் கொண்டுவருவதைவிட மிஞ்சியதை இன்னொரு கடைக்கு அனுப்பி அங்கே முழு வரிசையாக்குவது லாபம். அரைகுறை வரிசை அலமாரியை அடைக்கும். "என் சைஸ் இல்லை" என்ற பதிலைத்தான் திரும்பத் திரும்ப வாங்கித் தரும். உடைக் கடைகளில் ஸ்பெயினின் ஜாரா நிறுவனம் இதைக் கண்டிப்பாகச் செய்துவந்தது: ஓர் ஆடையின் முக்கியமான சைஸ் தீர்ந்தவுடன் மீதி சைஸ்களையும் காட்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஜாராவின் கடைகளுக்கு வாரந்தோறும் சரக்கு பகிரும் முறையை ஃபெலிப்பே கரோ, ஜெரமி காலியன் என்ற இரு ஆய்வாளர்கள் மாற்றியமைத்து 2010-இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கம்தான் கணக்கின் நடுவில் இருக்கிறது. முக்கிய சைஸ் இல்லாத கடைக்கு மற்ற சைஸ்களை அனுப்பிப் பயனில்லை என்று அதே கணக்கு சொல்கிறது. கும்பகோணத்தின் ஷூ அலமாரிக்கும் இது அப்படியே பொருந்தும்.

சீசன் முடிந்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அதை விட்டால் அடுத்த ஆண்டும் இதே ஓட்டம்தான். கம்ப்யூட்டர் கணக்கில் மயிலாடுதுறையிலிருந்து பதின்மூன்று நாலாம் நம்பர் "போயிருக்கும்". மாற்றலையும் விற்பனையையும் பிரிக்காமல் பார்த்தால் அடுத்த ஆர்டரில் மயிலாடுதுறைக்கு மறுபடி பதின்மூன்று எழுதிவிடுவார்கள். கும்பகோணத்தில் இருப்பு இல்லாமல் கிடந்த நாளில் விற்பனை பூஜ்யம். கேட்டவர்கள் யாருமே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கும். இதனால்தான் சில கடைகளில் கவுண்டரில் ஒரு நோட்டு வைத்து, கேட்டு இல்லையென்று போனவர்களுக்கு மாடலும் நம்பரும் போட்டு ஒரு கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோடுகளையும் மாற்றல் சலான்களையும் சேர்த்து எண்ணினால் எந்த ஊருக்கு எந்த நம்பர் எத்தனை என்பது தெரிந்துவிடும். ஒரே நம்பர் ஒரே திசையில் மூன்று நாலு முறை போயிருந்தால் தொடக்கத்தில் பிரித்துக் கொடுத்ததே தப்பு. அதற்குமேல், மே மாதத்தில் வாங்கும் சரக்கை முழுக்கக் கடைகளுக்கு அள்ளிக் கொடுக்காமல் ஐந்தில் ஒரு பங்கை நடுவில் உள்ள கும்பகோணம் குடோனில் நிறுத்திவைத்து, முதல் வார விற்பனையைப் பார்த்துப் பிரிக்கலாம். அப்போது தஞ்சாவூரிலிருந்து கேட்டாலும் மயிலாடுதுறையிலிருந்து கேட்டாலும் குடோனிலிருந்தே போகும். விற்கிற கடையின் ரேக்கில் கைவைக்க வேண்டிய தேவை பாதியாவது குறையும்.